ஐம்பது மெயில்பாக்ஸ், ஒரு சர்வர்: டிஸ்க் எப்போது நிறையும்?

ஐம்பது பேர் இருக்கும் அலுவலகத்துக்குச் சொந்த மெயில் சர்வர் வாங்கப் போனால், பேச்சு பெரும்பாலும் பிராசசரில்தான் தொடங்கும். ஆனால் பிராசசருக்கு இங்கே பெரிய வேலை கிடையாது. ஒரு நாளைக்கு 5,000 மெயில் வந்து போனாலும், பத்து மணி நேர அலுவலகத்தில் அது நிமிடத்துக்கு எட்டு மெயில்தான். இரண்டு கோர் போதும். வைரஸ் சோதனையும் சேர்ந்தால் நான்கு கோர் தாராளம்.

ராமில் கொஞ்சம் கவனம் வேண்டும். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டியைத் திறந்து காட்டும் டவ்காட்டும் அதிகம் கேட்பதில்லை. கேட்பது கிளாம்ஏவி என்ற வைரஸ் சோதனை மென்பொருள். வைரஸ் அடையாளப் பட்டியல் முழுவதையும் நினைவகத்தில் வைத்திருப்பதால் அது ஒன்றே ஒரு ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். புதிய பட்டியல் வரும்போது பழையதையும் விடாமல் புதியதை ஏற்றும். அந்தச் சில நொடிகளுக்குத் தேவை இரட்டிப்பாகிவிடும். 2 ஜிபி சர்வரில் காரணமே தெரியாமல் வைரஸ் சோதனை நின்றுபோனால், `dmesg` கொடுத்துப் பாருங்கள். `Out of memory` என்ற வரியில் `clamd` பெயர் இருந்தால் விஷயம் இதுதான். 4 ஜிபி குறைந்தபட்சம், 8 ஜிபி நிம்மதி.

ராமும் பிராசசரும் ஒரு முறை முடிவு செய்துவிட்டால் தீர்ந்தது. டிஸ்க் அப்படியல்ல, அது தினமும் நிறைந்துகொண்டே போகிறது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் அனுப்பியதுமாக ஒருவர் நாளொன்றுக்கு 60 மெயிலைச் சேர்த்து வைக்கிறார். ஒன்று சராசரியாக 150 கேபி. ஆளுக்கு 9 எம்பி, ஐம்பது பேருக்கு 450 எம்பி. 25 வேலை நாள் மாதத்தில் சுமார் 11 ஜிபி, மூன்று வருஷத்தில் 400 ஜிபி. பழைய சர்வரிலிருந்து ஆளுக்கு 5 ஜிபி வந்தால் இன்னொரு 250. ஆக 650 ஜிபி. ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பதால் 820 ஜிபி வேண்டும். மெயிலுக்கென்றே 1 டிபி டிஸ்க் இரண்டை வாங்கி, ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும்படி ஜோடியாகப் போடலாம். 1 டிபி டிஸ்க்கில் ext4 போட்டபின் நமக்குக் கிடைப்பது `df -h` கணக்கில் சுமார் 870ஜி. பேக்கப் வேறு இயந்திரத்துக்குப் போக வேண்டும். இந்த ஜோடி அதற்கு மாற்றல்ல.

இது வெறும் ஊகம். சரிதானா என்று சர்வரே சொல்ல, க்ரானில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்:

```
0 6 * * * echo "$(date +\%F) $(df -BG --output=used,avail /var/vmail | tail -1)" >> /root/disk.log
```

தினமும் காலை ஆறு மணிக்கு எவ்வளவு நிறைந்தது, எவ்வளவு மீதி என்று ஒரு வரி பதிவாகும். ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும் ஒன்றல்ல என்பதால் 28 நாள் இடைவெளியில் ஒப்பிடுங்கள். நம் அலுவலகத்தில் முதல் 28 நாளில் 412லிருந்து 424 ஆனது. நாளுக்கு 430 எம்பி. ஊகம் சரியாகவே இருக்கிறது. மீதி 446 ஜிபி, ஆயிரம் நாளுக்குத் தாங்கும். அடுத்த 28 நாளில் 454 ஆகிவிட்டது. நாளுக்கு ஒரு ஜிபிக்கு மேல். ஆயிரம் நாள் 390 ஆகச் சுருங்கிவிட்டது.

யாருடைய பெட்டி வீங்கியது என்று பார்க்க:

```
du -sm /var/vmail/example.com/* | sort -n | tail
```

ஒருவர் இருவர் அல்ல, எல்லாப் பெட்டியும் ஒரே அளவு கூடியிருந்தால் குழு முகவரியைச் சந்தேகப்படுங்கள். யாரோ 20 எம்பி சாம்பிள் படத்தை எல்லாருக்கும் அனுப்புகிறார். மெயிலில் போகும் படம் எழுத்துகளாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்து 27 எம்பி ஆகிறது. ஐம்பது பெட்டியிலும் ஐம்பது நகல் விழ, ஒரே மெயில் 1.35 ஜிபி. கூடுதலாகப் போன 18 ஜிபிக்கு இப்படிப் பதின்மூன்று மெயில் போதும். போஸ்ட்ஃபிக்ஸில் `message_size_limit` இயல்பாக 10240000 பைட். 20 எம்பி போகிறதென்றால் யாரோ அதை உயர்த்தியிருக்கிறார்கள். பழைய அளவுக்கே இறக்கிவிட்டு, படங்களைப் பொது ஃபோல்டரில் போட்டு லிங்க் அனுப்பச் சொல்லலாம்.

டிஸ்க் முழுக்க நிறையும்வரை விட்டுவிட்டால், புது மெயில் பெட்டியில் விழாமல் `mailq` வரிசையில் தேங்கும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஐந்து நாள் முயன்றுவிட்டு, முடியாதென்று அனுப்பியவருக்கே திருப்பிவிடும். பழையதை நீக்கி இடம் பண்ணலாம் என்றால், அதைக் குறித்துவைக்கவே டவ்காட்டுக்கு டிஸ்க்கில் இடம் தேவைப்படுவதால் நீக்குவதிலும் பிழை வரலாம். ஆகவே 75 சதவீதத்தைத் தொட்டதுமே புது டிஸ்க்குக்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள். விலை பேசி, வந்து சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயிலை மாற்றி முடிக்க அந்த மிச்ச இடம் அவகாசம் தரும்.