உதட்டுக் கொப்புளமும் உறங்கும் வைரசும்

ஹாலிஎலவைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் ஆண்டுதோறும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஒரு தனிப் பருவம் நிலவுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவின் பக்கம் இறங்கி வருகின்றது. ஊவாத் தேயிலைக்கு மணத்தைத் தருவது அந்தக் காற்றேயாகும். ஆனால் கொழுந்து பறிப்போரின் உதடுகளை வெடிக்கச் செய்வதும் அதுவே. வானத்தில் மேகமில்லை, வெயிலோ நேராக இறங்குகின்றது. நம் தீவின் இப்பகுதியில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலின் தொடக்கத்திலும் செப்டெம்பரின் தொடக்கத்திலும், உச்சந்தலைக்கு நேரே வருகின்றது. அதில் இரண்டாம் முறை இந்த வறட்சிக் காலத்திலேயே அமைகின்றது.

இப்பருவத்திலே லயத்தில் வாழும் ஒரு தாயை மனத்திற் கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் அவள் வெயிலிலே மரக்கறித் தோட்டம் கொத்தினாள். புதன்கிழமை மாலை கீழுதட்டின் வலப்புறத்தில் ஒரு குறுகுறுப்பு, சற்றே எரிச்சல். வியாழன் காலையில் அவ்விடம் சிவந்து தடித்து, கடுகளவான நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பின. வெள்ளியன்று அவை உடைந்து கசிந்தன. பின்னர் மஞ்சள் நிறமாகப் பொருக்குக் கட்டின. பத்து நாட்களில் தழும்பின்றி ஆறிற்று. சென்ற மார்கழியில் கடுங்காய்ச்சல் கண்டபோதும் அதே இடத்தில் இதே கொப்புளம் தோன்றியது. “இரவிலே பல்லி எச்சமிட்டிருக்கும்” என்றாள் அடுத்த வீட்டுப் பாட்டி. “உடம்பிலே சூடு ஏறிவிட்டது” என்றான் கணவன்.

பல்லியின் மேல் பழி சுமத்துவது நியாயமன்று. பல்லிக்கு ஒவ்வொரு முறையும் அதே உதட்டின் அதே மூலை எவ்வாறு தெரியும்? நோயின் இரகசியம் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.

கொப்புளத்தை உண்டாக்குவது ஹேர்ப்பிஸ் சிம்பிளெக்ஸ் என்னும் வைரசின் முதலாம் வகை. பெரும்பாலோரை அது குழந்தைப் பருவத்திலேயே பற்றிக்கொள்கிறது. கொஞ்சி முத்தமிடும் உறவினரின் உமிழ்நீர் வழியாக அது வருகின்றது. உலகில் ஐம்பது வயதுக்குட்பட்டோரில் ஏறக்குறைய மூவரில் இருவருக்கு இவ்வைரசு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஆகவே உதட்டுக் கொப்புளத்தைக் கண்டு ஒருவருடைய ஒழுக்கத்தை ஐயுறுவது பேதைமையாகும். வைரசைச் சுமப்போரில் பெரும்பாலோர்க்குக் கொப்புளமே தோன்றுவதில்லை. ஒரு சிலருக்குத்தான் அது மீண்டும் மீண்டும் வருகின்றது.

முதன்முறை தொற்றும்போது வைரசு உதட்டின் தோற்கலங்களிலே பெருகுகின்றது. அங்குள்ள உணர்வு நரம்புகளின் நுனிகளுக்குள்ளும் புகுந்துவிடுகின்றது. பின்னர் நரம்பிழையின் உள்ளே, கொழும்பிலிருந்து புறப்பட்ட புகைவண்டி தண்டவாளத்தை விட்டு விலகாமல் ஹாலிஎலவைக் கடந்து பதுளையில் வந்து நிற்பதுபோல, வேறெங்கும் விலகாமல் ஒரே முடிவிடத்துக்குச் செல்கின்றது. அந்த முடிவிடம் மண்டையோட்டின் அடித்தளத்திலே, காதுக்கு முன்புறமாக உள்ளே ஆழ்ந்திருக்கும் ஒரு நரம்புத் திரட்டு. முகத்தின் உணர்ச்சியையெல்லாம் மூளைக்குக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பின் கலங்கள் அங்கேயே கூடியிருக்கின்றன. வலப்பக்கத்துக்கு ஒன்றும் இடப்பக்கத்துக்கு ஒன்றுமாக அத்திரட்டுகள் இரண்டு.

இந்த உண்மை ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாவி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், முகத்திலே தாங்கொணா வலியால் வருந்தியோருக்கு இந்நரம்பை வெட்டிச் சிகிச்சை செய்தார். நரம்பு அறுபட்டு உணர்ச்சியிழந்த பகுதியில் கொப்புளம் தோன்றுவதில்லை என்று அவர் கண்டார். 1929இல் ஏர்னெஸ்ட் குட்பாஸ்சர் என்னும் அறிஞர், வைரசு நரம்புத் திரட்டிலேயே பதுங்கியிருக்க வேண்டும் என்று கருத்துரைத்தார். அக்கருத்தை மெய்ப்பிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1971இல் ஸ்டீவன்ஸ், குக் என்ற இருவர், தொற்று ஆறிய சுண்டெலிகளின் நரம்புத் திரட்டுகளை எடுத்தனர். உடனே அரைத்துப் பார்த்தால் வைரசு அகப்படவில்லை. அத்திரட்டுகளை உயிரோடு வைத்துச் சில நாட்கள் வளர்த்தபோதோ, வைரசு வெளிப்பட்டது. உறங்குவதற்கும் இல்லாதிருப்பதற்கும் உள்ள வேற்றுமையை அந்தப் பரிசோதனை தெளிவாகக் காட்டியது. அதனையடுத்த சில ஆண்டுகளிலே, இறந்த மனிதருடைய முக்கிளை நரம்புத் திரட்டிலும் இவ்வாறே வைரசு கண்டெடுக்கப்பட்டது.

உறக்கம் என்று சொல்கிறோமே, அது எத்தகையது? வைரசு தன் மேலுறையைக் கழற்றிவிட்டு, தன் பரம்பரைப் பொருளான டி.என்.ஏ. இழையை மட்டும் நரம்புக்கலத்தின் கருவுக்குள் வைக்கின்றது. அங்கே அந்த இழை வளையமாகி, கலத்தின் புரதங்களால் இறுகச் சுற்றப்படுகின்றது. சுருட்டிக் கட்டிய பாயிலே எழுத்திருந்தாலும் படிக்க முடியாதல்லவா? அதுபோல வைரசின் கட்டளைகள் வாசிக்கப்படாமலே கிடக்கின்றன. புதிய வைரசு உருவாவதில்லை; கலமும் சேதமுறுவதில்லை. நரம்புக்கலமோ தோற்கலத்தைப் போல உதிர்ந்து மாறுவதன்று. அது மனிதனோடு வாழ்நாள் முழுவதும் இருப்பது. எனவே அங்கே குடியேறிய வைரசும் வாழ்நாள் முழுவதும் தங்குகின்றது. உடலின் காவற்படையான வெள்ளணுக்களிற் சில திரட்டைச் சூழ்ந்து நின்று, அது தலைதூக்காதபடி கண்காணித்து வருகின்றன.

இனி, அது விழித்தெழும் விதத்தைப் பார்ப்போம். நரம்புக்கலம் நெருக்கடிக்குள்ளாகும்போது, அக்கலத்தினுள்ளே எழும் அபாய அறிவிப்புகள் சுற்றப்பட்ட இழையைத் தளர்த்துகின்றன. தளர்ந்த இடத்திலே வைரசின் கட்டளைகள் வாசிக்கப்படுகின்றன. காய்ச்சல் அத்தகைய ஒரு நெருக்கடி. ஆய்வாளர்கள் வைரசு உறங்கும் சுண்டெலிகளை 43 பாகை வெந்நீரிலே பத்து நிமிடங்கள் அமிழ்த்தி வைத்தனர். ஒரு நாளுக்குள் சிலவற்றின் நரம்புத் திரட்டுகளிலே வைரசு விழித்திருக்கக் கண்டனர். மலேரியாவிலும் நிமோனியாவிலும் உதட்டுக் கொப்புளம் தோன்றுவதை முற்கால மருத்துவர்கள் நன்கறிந்திருந்தனர். 2016இல் நம் நாடு மலேரியாவற்றதென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. எனினும் வேறு காய்ச்சல்கள் இருக்கும்வரை இக்கொப்புளமும் இருக்கும். ஆகவே “உடம்பிலே சூடு” என்று கணவன் சொன்னது முற்றிலும் பிழையன்று. ஆனால் சூடு வைரசைப் படைப்பதில்லை, எழுப்புகின்றது.

வெயில் வேறொரு வழியாக வேலை செய்கின்றது. அதன் ஊதாக்கடந்த கதிர்கள் மண்டையோட்டினுள்ளே சென்று திரட்டைத் தொடுவதில்லை. அவை உதட்டின் தோலைச் சுட்டு, அங்குள்ள நரம்பு நுனிகளைத் தாக்குகின்றன. அத்தாக்குதலின் செய்தி நரம்பு வழியே திரட்டை எட்டுகின்றது. அதே வேளையில் தோலின் காவல் அணுக்களும் சில நாட்களுக்கு வலுவிழக்கின்றன. விழித்த வைரசு வந்த பாதையாலேயே திரும்பி இறங்கி, காவல் தளர்ந்த உதட்டிலே பெருகுகின்றது. எனவேதான் கொப்புளம் வெயிலடித்த அன்றே வராமல் சில நாட்கள் கழித்து வருகின்றது. நம் தாய் புதன்கிழமைக் குறுகுறுப்பையும் ஞாயிற்றுக்கிழமை வெயிலையும் இணைத்துப் பார்க்காததும் அதனாலேயே. பாதை ஒன்றே ஆகையால் இடமும் ஒன்றாகவே அமைகின்றது. பாட்டியின் பல்லிக்கு இதுவே விடை.

இவ்வறிவினால் வரும் பயன் என்ன? குறுகுறுப்புத் தோன்றும் வேளையே மருந்துக்குரிய வேளை. அசைக்ளோவிர் என்னும் மருந்து வைரசு பெருகும் கலத்திலேதான் செயற்படும். ஏனெனில், அம்மருந்தைச் செயல்மிக்கதாக மாற்றும் நொதியத்தை வைரசே ஆக்குகின்றது. உறங்கும் வைரசு அந்நொதியத்தை ஆக்குவதில்லை. ஆதலால் மருந்து அதனைத் தீண்டாது. நோயை வேரோடு களையவும் மாட்டாது. குறுகுறுப்பிலேயே வைத்தியரின் ஆலோசனைப்படி தொடங்கினால் நோய் ஏறத்தாழ ஒரு நாள் குறையக்கூடும்; பொருக்குக் கட்டிய பின் தொடங்கினால் பயன் சிறிது. சுண்ணாம்பு தடவுவதும், பற்பசை பூசுவதும், ஊசியாற் குத்துவதும் புண்ணைப் பெரிதாக்கும். வெயில் காரணமாக அடிக்கடி வருவோர்க்குத் தடுப்பே மேலானது. அகன்ற விளிம்புள்ள தொப்பியும், வெயிலைத் தடுக்கும் உதட்டுப் பூச்சும் உதவும். வெறும் வசிலீன் வறட்சியைத் தணிக்குமேயன்றிக் கதிர்களைப் போதிய அளவு தடுக்காது.

நம் தாய்க்கு இன்னும் ஒரு கவலை உண்டு. அவளுக்குப் பிறந்து இருபது நாளான குழந்தை இருக்கிறது. பெரியவர்க்கு ஒரு சிறு தொல்லையாகிய இவ்வைரசு, பிறந்து சில வாரங்களேயான சிசுவுக்கு மூளையையும் ஈரலையும் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. கொப்புளம் முற்றிலும் ஆறும்வரை அவள் குழந்தைக்கு முத்தமிடலாகாது. உதட்டைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்கலாகாது. முலையிலே கொப்புளம் இல்லாதவரை பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தையைப் பார்க்க வரும் உறவினர்க்கும் இதுவே விதி. சிசு சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, உடலிலே கொப்புளம் தோன்றினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கொப்புளத்தைத் தொட்ட விரலாற் கண்ணைக் கசக்குதலும் ஆகாது. கண் சிவந்து, வலித்து, ஒளியைக் கண்டு கூசினால் அதுவும் தாமதிக்கத் தகாத நிலையே.

கடைசியாக, எல்லா உதட்டுப் புண்ணும் இதுவன்று. வாயின் இரு கோணங்களிலும் வெடிக்கும் புண் பெரும்பாலும் சத்துக் குறைவாலும் பூஞ்சணத்தாலும் வருவது. ஹேர்ப்பிஸ் கொப்புளத்துக்கு மூன்று அடையாளங்கள் உண்டு: முன்னறிவிக்கும் குறுகுறுப்பு, கொத்தாக எழும் நீர்க்கொப்புளம், பத்து நாளளவில் தானே ஆறும் இயல்பு. இம்மூன்றும் இன்றி, வலியில்லாமல், இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாது நிற்கும் புண், வெற்றிலை புகையிலை மெல்லும் ஒருவருடைய வாயிலே காணப்பட்டால், அதனை வெயிற்கொப்புளம் என்று எண்ணி இருந்துவிடலாகாது. அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அடுத்த வறட்சிக் காலத்திலே நம் தாயின் உதட்டின் அதே மூலையிற் குறுகுறுப்பு எழுமானால், அவள் பல்லியைத் தேடிக் கூரையைப் பார்க்கமாட்டாள். மூன்று நாட்களுக்கு முன் எங்கே நின்றோம் என்று எண்ணிப் பார்ப்பாள். பின்பு கைகளைக் கழுவிக்கொண்டு குழந்தையைத் தூக்குவாள்.