ஒரே மைல்கல்லுக்கு மூன்று தேதிகள்

திட்டம் ஒன்றின் ரோட்மேப் பவர்பாயிண்ட் கோப்பாக வருகிறது. அதிலிருந்து எது எப்போது முடியும் என்று ஒரு கால அட்டவணை எடுக்க வேண்டும். தேதிகளைப் பார்த்து எழுதும் வேலைதான் என்று தோன்றும். ஆனால் இத்தகைய கோப்புகளில் பழைய ஸ்லைடுகளும் புதியவையும் கலந்திருக்கும், பலர் கைபட்டிருக்கும்.

ஒரு வங்கிச் செயலித் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். 3ஆம் ஸ்லைடில் “சோதனை வெளியீடு: Q2 2025” என்றிருக்கிறது. 9ஆம் ஸ்லைடில் அதே வெளியீட்டுக்கு 15 ஜூன் 2025. 14ஆம் ஸ்லைடில் மாதக் கட்டங்கள் போட்ட வரைபடம். அதில் சோதனை வெளியீட்டுக்கான பட்டை ஆகஸ்ட் கட்டத்துக்குள் முடிகிறது.

முதலில் எதையும் திருத்தாமல், கண்ணில் பட்டபடியே ஸ்லைடு எண்ணோடு எழுத வேண்டும். பட்டையைப் பார்த்து ‘ஆகஸ்ட் 20’ என்று ஊகிக்கக் கூடாது. கட்டம் மாதத்தைத்தான் சொல்கிறது; அட்டவணையிலும் ‘ஆகஸ்ட்’ மட்டுமே வர வேண்டும். காலாண்டை அதன் கடைசி நாளாக மாற்றி எழுதுவதும் இதே தவறுதான். எழுதியவர் தராத துல்லியத்தை நாம் சேர்த்துவிடுகிறோம்.

அடுத்து, Q2 என்பது எந்தக் காலாண்டு? நாட்காட்டி ஆண்டில் அது ஏப்ரல் முதல் ஜூன் வரை. இந்திய நிதியாண்டில் ஜூலை முதல் செப்டம்பர் வரை. முதல் கணக்கில் 3ஆம் ஸ்லைடும் 9ஆம் ஸ்லைடும் ஒத்துப்போகும், 14 முரண்படும். இரண்டாவது கணக்கில் 3ம் 14ம் ஒத்துப்போகும், 9 தனித்து நிற்கும். ஒரே எழுத்தும் எண்ணும், முரண்பாடு எங்கே என்பதையே மாற்றிவிடுகிறது. விடை பெரும்பாலும் கோப்பிலேயே கிடைக்கும். 6ஆம் ஸ்லைடில் “Q4 (ஜனவரி–மார்ச்)” என்றிருந்தால் இது நிதியாண்டுக் கணக்கு. அப்போது ஜூன் 15 பழைய திட்டத்தின் மிச்சமாக இருக்கலாம். அப்படித் தோன்றினாலும் அதை அழித்துவிடக் கூடாது. மூன்று தேதிகளையும் வைத்து, பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும். ஸ்லைடுக்குக் கீழே உள்ள பேச்சாளர் குறிப்புகளையும் மறைத்து வைத்த ஸ்லைடுகளையும் திறந்து பார்ப்பது நல்லது. கோப்பு பி.டி.எஃப். ஆக வந்தால் இவை பெரும்பாலும் விடுபட்டிருக்கும். மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

விடுபட்ட தேதியைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் பார்க்க அங்கே எதுவும் இருக்காது. அம்புக்குறிகளைப் பின்தொடர வேண்டும். நம் கோப்பில் பாதுகாப்புத் தணிக்கை, சோதனை வெளியீட்டுக்கும் பொது வெளியீட்டுக்கும் நடுவில் நிற்கிறது, தேதி இல்லை. பொது வெளியீடு 04/09/2025. அமெரிக்க முறையில் படித்தால் ஏப்ரல் 9, சோதனைக்கு முன்பே பொது வெளியீடு ஆகிவிடும். ஆகவே செப்டம்பர் 4தான். சோதனை ஆகஸ்ட் கடைசி வரை போனால் தணிக்கைக்கு மூன்று நாட்கள்தான் மிஞ்சும்.

அட்டவணையோடு திட்டப் பொறுப்பாளருக்கு அனுப்ப வேண்டிய கேள்விகள் இரண்டு: 9ஆம் ஸ்லைடின் ஜூன் 15 இன்னும் செல்லுமா? தணிக்கை எந்தத் தேதியில் தொடங்கும், அதை யார் செய்கிறார்கள்?