மூலைக் கட்டத்தில் இருந்த ‘காய்’

எங்கள் தெருமுனையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் நண்பர் அன்றாட விலையை எக்செலில் ஏற்றி வைப்பவர். இடப்பக்கம் காய்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், மேலே நாட்கள் ஓடும். முதல் வாரத்தில் அது பார்க்க அழகாகவே இருந்தது. மாதம் முடியும்போது அட்டவணை வலப்பக்கம் முப்பது பத்திகளுக்கு நீண்டுவிட்டது. பிரிண்ட் எடுத்தால் மூன்று தாள் வருகிறது, இரண்டாம் தாளில் எந்த விலை எந்தக் காய்க்கு என்றே தெரியவில்லை.

“அண்ணே, இதை அப்படியே படுக்க வைக்க முடியாதா? தேதி கீழே இறங்கட்டும், காய் மேலே போகட்டும்” என்று கேட்டார்.

முடியும். வரிசைகளைப் பத்திகளாகவும் பத்திகளை வரிசைகளாகவும் மாற்றும் வசதி எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் மூன்றிலும் உண்டு. எக்செலில் அதன் பெயர் Transpose. விலைகளை அது பத்திரமாக இடம் மாற்றிவிடும். தலைப்புகளை நாம்தான் கவனித்துக்கொள்ள வேண்டும். நண்பரின் அட்டவணையில் ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். விலை கிலோவுக்கு, ரூபாயில்.

| காய் | திங்கள் | செவ்வாய் | புதன் |
|---|---|---|---|
| தக்காளி | 30 | 28 | 32 |
| சின்ன வெங்காயம் | 60 | 62 | 58 |
| முருங்கைக்காய் | 90 | | 84 |
| கத்தரிக்காய் | 40 | 45 | 44 |

செவ்வாய்க்கிழமை முருங்கை வரத்து இல்லை. அதனால் அந்தக் கட்டம் காலி. இந்தக் காலிக் கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

செய்முறை எளிது. தலைப்புகளையும் சேர்த்து A1 முதல் D5 வரை தேர்ந்தெடுத்து Ctrl+C கொடுக்க வேண்டும். Ctrl+X கொடுத்து வெட்டினால் Transpose கிடைக்காது. பிறகு புதிய ஷீட்டில் A1-ஐச் சொடுக்கி, Ctrl+Alt+V அழுத்தினால் Paste Special பெட்டி திறக்கும். அதில் Transpose என்பதை டிக் செய்து OK கொடுத்தால் போதும். கூகுள் ஷீட்ஸில் Edit பட்டியலில் உள்ள Paste special என்பதற்குள் Transposed என்று இருக்கும். புதிய ஷீட்டைச் சொல்வதற்குக் காரணம், எடுத்த இடத்தின் மேலேயே திருப்பி ஒட்ட எக்செல் விடாது. அட்டவணையை Ctrl+T கொடுத்து எக்செல் டேபிளாக மாற்றி வைத்திருந்தாலும் இந்த வழி வேலை செய்யாது. முதலில் Convert to Range கொடுத்துச் சாதாரண அட்டவணையாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

திருப்பியதும் கிடைப்பது இது:

| காய் | தக்காளி | சின்ன வெங்காயம் | முருங்கைக்காய் | கத்தரிக்காய் |
|---|---|---|---|---|
| திங்கள் | 30 | 60 | 90 | 40 |
| செவ்வாய் | 28 | 62 | | 45 |
| புதன் | 32 | 58 | 84 | 44 |

விலைகள் எல்லாம் சரி. இடது மேல் மூலையை மட்டும் பாருங்கள். ‘காய்’ என்று எழுதி அதன் கீழே திங்கள், செவ்வாய், புதன் இருக்கிறது.

எக்செல் தவறு செய்யவில்லை. மூன்றாம் வரிசை, இரண்டாம் பத்தியில் இருப்பது இரண்டாம் வரிசை, மூன்றாம் பத்திக்குப் போகும், இதுதான் விதி. முதல் வரிசை, முதல் பத்தியில் இருப்பது எங்கே போகும்? இரண்டு எண்ணும் ஒன்று என்பதால் இருந்த இடத்திலேயே இருக்கும். மற்ற தலைப்புகள் எல்லாம் தங்கள் எண்களோடு சேர்ந்து நகர்ந்துவிட்டன, மூலைக் கட்டம் நகரவில்லை. ஆனால் அது யாருக்குத் தலைப்பாக இருந்ததோ அவர்கள் அதன் கீழிருந்து கிளம்பி வலப்பக்கம் போய்விட்டார்கள். புதிதாக அதன் கீழே வந்து நிற்பவை நாட்கள். அவற்றுக்கு உரிய ‘நாள்’ என்ற சொல் பழைய அட்டவணையில் எங்குமே எழுதப்படவில்லை. எழுதாத சொல்லை எந்த மென்பொருளும் எடுத்து வைக்க முடியாது. நாம்தான் A1-இல் ‘நாள்’ என்று அடிக்க வேண்டும்.

கண்ணால் பார்க்கிறவருக்கு இது சின்னப் பிழை. திங்கள் காயல்ல என்பது யாருக்கும் தெரியும். இதே அட்டவணையை ஃபில்டர் போட்டோ, பிவட் டேபிளில் ஏற்றியோ பயன்படுத்தும்போதுதான் சிக்கல். அங்கே பத்தியின் பெயர் ‘காய்’ என்றே வரும், அதைத் திறந்தால் கிழமைகள் இருக்கும். காயும் கிழமையுமாக இருப்பதால் உடனே பிடிபடுகிறது. இரண்டு பக்கமும் எண்களாக இருந்தால், ஒரு பக்கம் கிளை எண்ணும் மறுபக்கம் மாத எண்ணும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பல வாரம் கழித்துத்தான் தெரியும்.

நண்பர் நாளுக்கு நாள் விலை சேர்ப்பவர். பழைய ஷீட்டில் மாற்றினால் புதிய ஷீட்டிலும் தானாக மாற வேண்டும் என்றார். அதற்கு ஒட்டுவது உதவாது, ஃபார்முலா வேண்டும். பழைய ஷீட்டின் பெயர் Sheet1 என்றால், புதிய ஷீட்டின் A1-இல் இப்படி எழுதலாம்:

```
=TRANSPOSE(Sheet1!A1:D5)
```

மைக்ரோசாஃப்ட் 365-இல் Enter கொடுத்தாலே முழு அட்டவணையும் விரியும். 2019 பதிப்பிலும் அதற்கு முந்தையவற்றிலும், முதலில் நான்கு வரிசை ஐந்து பத்தி அளவுக்கு இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஃபார்முலாவை அடித்து Ctrl+Shift+Enter கொடுக்க வேண்டும்.

இங்கேதான் அந்தக் காலிக் கட்டம் வேலையைக் காட்டும். TRANSPOSE ஃபார்முலா காலிக் கட்டத்தைக் காலியாகக் கொண்டுவராது, 0 என்று காட்டும். செவ்வாய்க்கிழமை முருங்கை வரவில்லை என்பது, செவ்வாய்க்கிழமை முருங்கை கிலோ 0 ரூபாய் என்று மாறிவிடுகிறது. முருங்கையின் சராசரி விலை 90-ம் 84-ம் சேர்த்து 87 ரூபாய் வர வேண்டும். பூஜ்ஜியத்தையும் ஒரு நாளாக எண்ணி மூன்றால் வகுத்தால் 58 ரூபாய் வருகிறது. 58 ரூபாய் நம்பக்கூடிய விலையாகத் தெரிவதுதான் ஆபத்து. பிழைச் செய்தி எதுவும் வராது. மூலைக் கட்டத்தைக் காலியாக விட்டு வைத்தவர்களுக்கு அங்கேயும் ஒரு 0 வந்து உட்கார்ந்திருக்கும்.

இதைத் தவிர்க்க ஃபார்முலாவைச் சற்று நீட்ட வேண்டும்:

```
=TRANSPOSE(IF(Sheet1!A1:D5="","",Sheet1!A1:D5))
```

காலியாக இருந்தால் வெற்று எழுத்தாகவே கொண்டு வா, இல்லையென்றால் உள்ளதைக் கொண்டு வா என்பது இதன் பொருள். AVERAGE வெற்று எழுத்தைக் கணக்கில் சேர்க்காது, 87 திரும்பிவிடும்.

ஃபார்முலா வழியில் தலைப்புக்கு இன்னொரு தொல்லை உண்டு. நண்பர் கிழமைக்குப் பதில் தேதி போட ஆரம்பித்தபோது, திருப்பிய அட்டவணையில் 6-1-2025 இருக்க வேண்டிய இடத்தில் 45663 என்று வந்தது. அது பிழையல்ல. எக்செல் தேதிகளை உள்ளே வரிசை எண்ணாகத்தான் வைத்திருக்கிறது, ஃபார்முலா அந்த எண்ணை மட்டும் கொண்டுவரும், தேதி வடிவத்தைக் கொண்டுவராது. அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து Date வடிவம் கொடுத்தால் சரியாகிவிடும். Paste Special வழியில் வடிவமும் கூடவே வந்துவிடுவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

அடுத்த மாதம் அவர் ஒவ்வொரு தேதிக்குக் கீழும் மொத்த விலை, சில்லறை விலை என்று இரண்டு பத்தி போட்டார். தேதி இரண்டு பத்திக்கும் பொதுவாக நடுவில் வருவதற்காக Merge & Center கொடுத்திருந்தார். நான் பார்த்தவற்றில் மிக அதிகம் தலைப்பு தொலைவது இங்கேதான். இணைத்த கட்டம் கண்ணுக்கு இரண்டு பத்தி அகலம் இருந்தாலும், தேதி இருப்பது இடப்பக்கக் கட்டத்தில் மட்டும். வலப்பக்கக் கட்டம் உள்ளே காலி. திருப்பி ஒட்டினால் தேதி செங்குத்தாக இரண்டு வரிசைக்கு இணைந்து நிற்கும், பார்க்க ஒழுங்காகவும் இருக்கும். ஃபில்டரில் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தால் மொத்த விலை வரிசை மட்டும் வரும். சில்லறை விலை வரிசைக்குத் தேதியே இல்லை என்பதால் அது மறைந்துவிடும்.

இதைத் திருப்புவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டும். தேதி இருக்கும் வரிசையைத் தேர்ந்தெடுத்து, Merge & Center-ஐ மறுபடி அழுத்தினால் இணைப்பு பிரியும். அதே தேர்வோடு Ctrl+G அழுத்தி, Special என்பதில் Blanks கொடுத்தால் காலிக் கட்டங்கள் மட்டும் தேர்வாகும். முதல் தேதி B1-இல் இருந்தால் இப்போது கர்சர் C1-இல் நிற்கும். அங்கே `=B1` என்று அடித்து Ctrl+Enter கொடுத்தால், ஒவ்வொரு காலிக் கட்டமும் தன் இடப்பக்கத் தேதியை எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த வரிசையை நகலெடுத்து, Paste Special-இல் Values என்று அதே இடத்தில் ஒட்டி ஃபார்முலாவை நிலையான தேதியாக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு திருப்பினால் ஒவ்வொரு வரிசைக்கும் அதன் தேதி சொந்தமாக இருக்கும்.

கடைசிப் பத்தியில் ‘சராசரி’ வைத்திருப்பவர்கள் அதைச் சேர்க்காமல் நகலெடுப்பது நல்லது. சேர்த்துத் திருப்பினால் புதனுக்குக் கீழே ‘சராசரி’ என்று இன்னொரு நாள் போல வந்து நிற்கும், வரிசைப்படுத்தினால் நாட்களுக்கு நடுவே கலந்துவிடும். டாலர் குறி போட்ட ஃபார்முலாக்கள் ஒட்டிய பிறகும் பழைய அட்டவணையையே பார்த்துக்கொண்டிருக்கும், பழையதை அழித்தால் #REF! வரும். சராசரியைப் புதிய அட்டவணையில் புதிதாகப் போட்டுக்கொள்வதே சுருக்கமான வழி.

எல்லா அட்டவணையையும் இப்படித் திருப்பிவிடவும் முடியாது. எக்செல் ஷீட்டில் 10,48,576 வரிசைகள் உண்டு, பத்திகளோ 16,384 மட்டும். அதைவிட நீளமான பட்டியல் படுக்காது. ஒரு கடையின் விலைப் பட்டியலுக்கு அந்த எல்லை வராது.

சரியாகத் திரும்பியதா என்று பார்க்க நான் மூன்று இடங்களைப் பார்ப்பேன். பழைய அட்டவணையின் வலது மேல் மூலையில் ‘புதன்’ இருந்தது. அது இப்போது இடது கீழ் மூலையில் இருக்க வேண்டும். பழைய இடது கீழ் மூலையில் இருந்த ‘கத்தரிக்காய்’ வலது மேல் மூலைக்கு வந்திருக்க வேண்டும். பிறகு ஏதாவது ஒரு காயின் கூட்டுத்தொகை. தக்காளிக்கு முன்பு குறுக்கே கூட்டினால் 90, இப்போது கீழ்நோக்கிக் கூட்டினாலும் 90. காலிக் கட்டம் உள்ள காய்க்குக் கூட்டுத்தொகையை நம்பக் கூடாது. பூஜ்ஜியம் கூட்டுத்தொகையை மாற்றாது, சராசரியைத்தான் மாற்றும். முருங்கைக்குச் சராசரியைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நண்பரின் மாத விலைப் பட்டியல் இப்போது ஒரே தாளில் வருகிறது. மேலே காய்கள், இடப்பக்கம் தேதிகள், மூலைக் கட்டத்தில் ‘தேதி’. பழைய ஷீட்டையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் திருப்பிய அட்டவணையின் தலைப்புகளை ஒருமுறை சரிபார்க்கும் வரை பழையதை அழிக்காதீர்கள்.