பட்டும் ஜார்ஜெட்டும்: மடிப்பைச் சொல்லும் விதம்

படம் உருவாக்கும் ஏஐ மென்பொருளிடம் ‘பட்டுப் புடவை’, ‘ஜார்ஜெட் புடவை’ என்று மட்டும் எழுதினால், பெரும்பாலும் ஒரே பளபளப்புத் துணிதான் இரண்டிலும் வரும். துணியின் பெயரைவிட, அது விழும் விதத்தை எழுதுவதே பலன் தரும்.

கனமான காஞ்சிபுரம் பட்டுக்கு, ‘கொசுவத்தில் அகலமான, ஆழமான சில மடிப்புகள், விளிம்புகள் விறைப்பாக நிற்கின்றன, ஜரிகைக் கரை வளையாமல் தரையைத் தொடுகிறது, முந்தானை தோளிலிருந்து சற்று விலகி நிற்கிறது’ என எழுதலாம். ஜார்ஜெட்டுக்கு, ‘ஆழமில்லாத, நெருக்கமான பல மெல்லிய மடிப்புகள்; துணி உடலோடு ஒட்டி வழிகிறது; மங்கலான, சற்றே சொரசொரப்பான பரப்பு’ எனலாம். முறுக்கேற்றிய நூலால்தான் அந்தச் சொரசொரப்பு. ஜார்ஜெட் மடிப்புகளில் பட்டைபோல் ஒளி மின்னினால் விவரணை எடுபடவில்லை. ‘பளபளப்பு’ என்ற சொல்லை முதலில் நீக்க வேண்டும்.