பங்கை வாங்காமல் ‘கவர்ட் கோல்’: மலிவாகத் தெரிவதன் உள்ளே இருப்பது

ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் 7,000 டொலர் சேர்த்து வைத்திருந்தான். ஊரில் அக்காவின் வீட்டுக் கூரை வேலைக்கான காசு அது. அடுத்த வருடம்தான் தேவை என்பதால், அதுவரை அமெரிக்கச் சந்தையில் மாதாமாதம் கொஞ்சம் உழைக்கலாம் என்று நினைத்தான். நான் பல வருடங்களாக ஒப்ஷன் வியாபாரம் செய்வதால் என்னிடம் கேட்டான்.

“மாமா, ஏழாயிரத்துக்கு வாங்கிற சாமானை இரண்டாயிரத்து நூற்றைம்பதுக்கு வாங்கலாமெண்டால் ஏன் முழுக் காசையும் போடுவான்?”

அவன் சொன்னது இதுதான். ஒரு கம்பனியின் 100 பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையை இன்னொருவருக்கு ஒரு மாதத்துக்கு விற்று பிரீமியம் பெறுவது ‘கவர்ட் கோல்’. பங்கு 70 டொலர் என்றால் அதற்கு 7,000 வேண்டும். அதற்குப் பதிலாக, அதே பங்கை 50 டொலருக்கு வாங்கும் உரிமையை ஒன்றரை வருடத் தவணையில் வாங்கலாம். ‘லீப்ஸ்’ எனப்படும் இந்த நீண்டகாலக் கோலின் விலை பங்கொன்றுக்கு 21.50 என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஒப்பந்தம் 100 பங்குகளுக்கானது, ஆகவே 2,150 டொலர்.

அந்த 21.50இல் 20 டொலர் உண்மையான மதிப்பு. 70க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம். மீதி 1.50தான் காலத்துக்குக் கொடுக்கும் விலை, அது நாளாக ஆகக் கரைந்துவிடும். பங்கு ஒரு டொலர் ஏறினால் இந்தக் கோல் ஏறத்தாழ 90 சதம் ஏறும். பங்கைப்போலவே நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒப்பந்த விலையை இவ்வளவு கீழே எடுக்கிறோம்.

அதன்மேல், 73 டொலர் ஒப்பந்த விலையில் ஒரு மாதக் கோலை விற்றால் 60 சதம், அதாவது 60 டொலர் வரும். விற்க முன்னர் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். கையிலிருந்து போன காசு 21.50இல் 0.60 கழித்து 20.90. இரண்டு ஒப்பந்த விலைகளுக்கும் இடைவெளி 23. போன காசு இடைவெளியைவிடக் குறைவு, ஆகவே பங்கு எவ்வளவு உயரப் பாய்ந்தாலும் 210 டொலராவது மிஞ்சும். மலிவு என்று 70 டொலர் கோலை 6 டொலருக்கு வாங்கியிருந்தால் போன காசு 5.40, இடைவெளி 3 மட்டுமே. பங்கு மிக உயரப் பாய்ந்தால் அங்கே நட்டம்தான் வரும்.

ஆனால் எனக்குக் காசு போனது பங்கு விழுந்தபோது. இதே கணக்கில் சொல்கிறேன். பங்கு 60க்கு விழுந்தால் 50 டொலர் கோல் 11.70 அளவுக்கு இறங்கும். இப்போது 73 கோலை வாங்க ஆளில்லை, ஒரு சில சதம்தான் கிடைக்கும். மாத வருமானம் நிற்கிறதே என்று 62 டொலர் கோலை 70 சதத்துக்கு விற்கத் தோன்றும். நானும் விற்றேன். அந்த மாதமே பங்கு 70க்குத் திரும்பியது. என் நீண்டகாலக் கோல் 21.20க்கு வந்தது, ஆனால் விற்ற 62 கோலை மீள வாங்க 8.10 கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பிரீமியங்களையும் சேர்த்தாலும் 710 டொலர் நட்டம். பங்கு தொடங்கிய இடத்திலேயே நின்றது! விழுந்த பிறகு இடைவெளிக் கணக்கு பொருந்தாவிட்டால், அந்த மாதம் விற்காமல் இருப்பதே வழி.

பங்கிலாபம் இன்னொரு விடயம். கோல் வைத்திருப்பவருக்கு அது கிடைக்காது. நீங்கள் விற்ற கோல் பங்கு விலைக்குக் கீழே போய், அதில் மிஞ்சியிருக்கும் கால மதிப்பு பங்கிலாபத்தைவிடக் குறைந்தால், பங்கிலாபத் தகுதித் திகதிக்கு முதல்நாள் வாங்கியவர் பங்கைக் கேட்டுவிடலாம். உங்களிடம் பங்கு இல்லை. கடன்பட்ட பங்காகக் கணக்கில் விழும், பங்கிலாபத்தையும் நீங்களே கட்ட வேண்டும். ஆகவே அந்தத் திகதிக்கு முன்பே விற்ற கோலை மீள வாங்கி முடித்துவிட வேண்டும். பயந்துபோய் நீண்டகாலக் கோலை நிறைவேற்றிப் பங்கு எடுத்தால், அதில் எஞ்சிய கால மதிப்பை வீசிவிடுகிறீர்கள்.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். இந்த நீண்டகாலக் கோல்களில் வியாபாரம் குறைவு. கேட்கும் விலை 22.20, கொடுக்கும் விலை 20.80 என்று அகலமாக நிற்கும். நடு விலையை வரம்பாகப் போட்டுக் காத்திருப்பேன், சந்தை விலையில் ஒருபோதும் வாங்குவதில்லை.

இதெல்லாம் சொன்ன பிறகு மருமகன் கேட்டான்: “அப்ப ஏழாயிரத்துக்கும் மூண்டு வாங்கினால்?”

மூன்றுக்கு 6,450 டொலர். 70இலிருந்து 60க்கு விழுந்தால் 100 பங்கு வைத்திருப்பவருக்கு 1,000 டொலர் போகும், இவனுக்கு 2,940 போகும். தவணை முடியும்போது பங்கு 50க்குக் கீழே நின்றால் 6,450உம் போய்விடும். பங்கு வைத்திருப்பவரிடம் அப்போதும் பங்கு இருக்கும், காத்திருக்கலாம். கோலுக்கு முடிவுத் திகதி உண்டு.

ஒன்று மட்டும் வாங்கினான். மீதி 4,850 டொலரைக் கூரைக்கென்று நிலையான வைப்பில் போட்டுவிட்டான்.