நான்கு மாதத்துக்கு இரண்டு கிலோ குழம்புத்தூள்

பங்குனி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு மாவு மில்களில் மிளகாய் நெடி ஏறத் தொடங்கும். ராமநாதபுரம் பக்கத்துப் புது மிளகாய் அப்போதுதான் சந்தையில் நிறைந்து கிடக்கும். மொட்டை மாடியில் வெயிலும் சுள்ளென்று அடிக்கும். மொத்தமாகக் குழம்பு மிளகாய்த்தூள் அரைத்து வைக்கும் வழக்கம் இந்த இரண்டும் கூடிவரும் பருவத்தை ஒட்டி வந்ததுதான். அப்படி அரைத்த தூள் ஒரு வீட்டில் ஆடி கடந்தும் மணக்கிறது. பக்கத்து வீட்டில் வைகாசியிலேயே கட்டிதட்டிப் போகிறது. இருவரும் ஒரே கடையில் சரக்கு வாங்கியிருப்பார்கள். மில்லுக்குப் போகும்போது அந்தச் சரக்குக்குள் எவ்வளவு ஈரம் இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் அளவைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாள் குழம்புக்கும் பொரியலுக்குமாக இரண்டு மேசைக்கரண்டித் தூள் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 15 கிராம். அந்தக் கணக்கில் நான்கு மாதத்துக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே தேவைப்படும். ஒரு வருடத்துக்கும் சேர்த்து அரைத்தால் கடைசிப் பாதியில் காரம் மட்டும் மிஞ்சும், மணம் இருக்காது. அதனால் சித்திரையில் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்பாக ஆவணியில் ஒரு முறை என்று பிரித்து அரைப்பதே நல்லது.

இரண்டு கிலோவுக்கு மிளகாய் அரை கிலோ, மல்லி ஒரு கிலோ. ஒன்றுக்கு இரண்டு என்ற இந்தக் கணக்கு மிதமான காரம் தரும். காரம் தூக்கலாக வேண்டும் என்பவர்கள் மல்லியை 750 கிராமாகக் குறைத்துக்கொள்வார்கள். மிளகாயில் பாதி குண்டு, பாதி சம்பா என்று கலந்தால் நிறம், மணம், காரம் எல்லாம் சேர்ந்து வரும். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் தலா 100 கிராம், விரலி மஞ்சள் 75 கிராம், மிளகு, சீரகம், பச்சரிசி தலா 50 கிராம், வெந்தயமும் கடுகும் தலா 25 கிராம். பருப்பும் அரிசியும் குழம்பைக் கெட்டியாக்குவதற்காகச் சேர்ப்பவை. வண்டு வரவும் அவையே வழி செய்யும் என்பதால், ஆறு மாதம் வைக்க நினைப்பவர்கள் இவற்றைத் தூளில் சேர்க்காமல் விட்டுவிடுவது நல்லது.

மிளகாயில்தான் அதிகக் கவனம் தேவை. மேலே காய்ந்ததுபோல் தெரியும் குண்டு மிளகாயின் தோல் தடிமனானது, உள்ளே ஈரம் தங்கியிருக்கும். பத்து மிளகாயை எடுத்துக் கிள்ளிப் பார்க்க வேண்டும். உள்ளே விதையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்திருந்தால் அந்தச் சரக்கே வேண்டாம். பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வறுக்கும் சூட்டில் அழிவதில்லை. அரைத்த பிறகு கண்ணுக்கும் தெரியாது.

விற்பனைக்கு வரும் மிளகாய்த்தூளில் ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. வீட்டில் ஈரம் அளக்கும் கருவி இருக்காது. ஆனால் சமையலறைத் தராசு போதும். காயவைக்கும் மிளகாயில் 100 கிராமை மட்டும் தனித் தட்டில் அதே வெயிலில் வைத்து, மாலைதோறும் எடை பார்க்கலாம். முதல் நாள் 95, இரண்டாம் நாள் 93, மூன்றாம் நாளும் 93 என்று நின்றுவிட்டால் வெயிலால் எடுக்க முடிந்த ஈரம் போய்விட்டது என்று அறியலாம். குலுக்கினால் விதை கலகலக்கும். ஒடித்தால் வளையாமல் முறியும். வெயில் தாழ்வதற்குள் அள்ளிவிட வேண்டும். இரவுக் காற்று பட்டால் பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். கடைசி நாள் மதியம், மொறுமொறுவென்று இருக்கும்போதே மில்லுக்குக் கொண்டுபோவது பழகியவர்களின் வழக்கம்.

மிளகாயும் மஞ்சளும் நன்றாகக் காய்ந்திருந்தால் வறுக்கத் தேவையில்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாக, எண்ணெய் விடாமல், கனமான இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். சேர்த்து வறுத்தால் பருப்பு உள்ளே வேகுமுன் சீரகம் கருகிவிடும். பருப்பைக் கடித்துப் பார்த்தால் உள்ளும் புறமும் ஒரே நிறமாக, மொறுமொறுவென்று உடைய வேண்டும்; பல்லில் ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. மல்லியைக் கால் கிலோவாகப் பிரித்துப் போட்டு, மணம் எழுந்து விரலால் நசுக்கினால் நொறுங்கும் பதத்தில் இறக்கிவிடலாம். குழம்பில் இந்தத் தூள் மறுபடி கொதிக்கப் போகிறது. சட்டியிலேயே மணத்தை விரட்டிவிட்டால் கொதிக்கும்போது எதுவும் மிஞ்சாது. வெந்தயம் இளஞ்சிவப்பைத் தாண்டினால் இரண்டு கிலோவும் கசக்கும். சீரகத்துக்கு அடுப்பை அணைத்த பிறகு சட்டியில் இருக்கும் சூடே போதும்.

கறிவேப்பிலை சேர்ப்பவர்கள் அதை நிழலில் சருகாகும்வரை உலர்த்தி, பிறகு சட்டியில் புரட்டி எடுக்க வேண்டும். நாள்பட்ட தூள் கெட்டுப்போவதற்குப் பல வீடுகளில் காரணமாக இருப்பது பாதி காய்ந்த இந்த ஒரு கைப்பிடி இலைதான்.

வறுத்தவை ஆறிய பிறகே ஒன்றாகக் கலக்க வேண்டும். மில்லில் தங்களுக்கு முன் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. சீயக்காய் அரைத்திருந்தால் ஒரு கைப்பிடி அரிசியை ஓடவிட்டு அதை ஒதுக்கிவிடலாம். விரலி மஞ்சளை முன்கூட்டியே தட்டி உடைத்துக் கொடுத்தால்தான் ஒரே சீராக அரைபடும். மிகவும் நைசாக வேண்டும் என்று திரும்பத் திரும்ப அரைக்கச் சொல்வதில் லாபமில்லை. ஒவ்வொரு முறையும் தூள் சூடேறுகிறது, அந்தச் சூட்டில் வாசனை எண்ணெய் ஆவியாகிறது. மில் முழுக்க மல்லி மணக்கிறது என்றால் அந்த மணம் தூளிலிருந்து போனதுதான்.

வெளியே வரும் தூள் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளிருக்கும் ஆவி மூடியில் நீராகப் படிந்து மேல்தூளில் சொட்டும். கட்டிதட்டுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த பருத்தித் துணியிலோ அகலத் தாம்பாளத்திலோ நிழலில் பரப்பி, அடிவரை ஆறிய பிறகு சலித்து எடுக்கலாம். செய்தித்தாளில் பரப்பினால் அச்சு மை தூளில் ஒட்டும்.

இரண்டு கிலோவையும் ஒரே டப்பாவில் வைக்கக் கூடாது. கால் கிலோ, அரை கிலோவாகப் பிரித்து, இடைவெளி விடாமல் அழுத்தி நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி இருட்டான இடத்தில் வைத்தால் நான்கு மாதம் நிறமும் மணமும் குறையாது. வெளிச்சம் பட்டால் மிளகாயின் சிவப்பு மங்கும். பின்னால் எடுக்கப்போகும் டப்பாக்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஆறு மாதம் வரை தாங்கும். ஆனால் எடுத்தவுடன் திறக்கக் கூடாது. குளிர்ந்த தூளில் வெளிக்காற்றின் ஈரம் படியும். இரவு முழுவதும் வெளியே வைத்துக் காலையில் திறக்கலாம். அன்றாடம் புழங்கும் டப்பாவைக் கொதிக்கும் குழம்புக்கு மேலே பிடித்துக்கொண்டு கரண்டியால் அள்ளுவது பலருடைய கைப்பழக்கம். அந்த ஆவி தினமும் தூளில் இறங்குகிறது. ஒரு கிண்ணத்தில் அளந்து எடுத்து, டப்பாவை மூடிவிட்டுப் பிறகு போடலாம்.

விரலால் அழுத்தியதும் உதிரும் கட்டி அழுத்தி நிரப்பியதால் வந்தது, அதில் பிரச்சினை இல்லை. உதிராமல் பிசுபிசுக்கும் கட்டி, மக்கிய வாடை, மூடியோரம் நூல்போல் படிந்த வலை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் மறுபடி வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தப் பார்க்கக் கூடாது. அந்த டப்பாவைக் கொட்டிவிட்டு, மற்ற டப்பாக்களையும் அன்றே திறந்து பார்த்துவிட வேண்டும்.