கோடுகள் உரசினால் வேறுபாடு இல்லையா?

ஒளிப்படமாக எடுத்த வரைபடமொன்றில் இரு குழுக்களின் சராசரிகள் 10, 13 என்றும், 95% நம்பிக்கை இடைவெளிக் கோடுகள் இருபுறமும் 2 அலகு நீள்வதாகவும் கொள்வோம். முதல் கோடு 12 வரை ஏறுகிறது. அடுத்தது 11-இல் தொடங்குகிறது. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் வேறுபாடு இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. குழுக்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால், வேறுபாட்டின் பிழை 2+2 அல்ல; வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறத்தாழ 2.8. வேறுபாடு 3 என்பதால் அதன் இடைவெளி 0.2 முதல் 5.8 வரை, பூஜ்யம் அதற்குள் இல்லை. ஆக வேறுபாடு, மயிரிழையில்தான் என்றாலும், புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கதே.

கோடுகள் தொடாமலே விலகி நின்றால் சந்தேகமில்லை. ஒரே ஆட்களை முன்னும் பின்னும் அளந்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் அளவுகோல் வைத்து அளப்பதும் ஏமாற்றும். படத்தின் அடிக்குறிப்பு வெட்டுப்பட்டிருந்தாலோ, கோடு திட்டப் பிழையா நம்பிக்கை இடைவெளியா என்பதே தெரியாது.